தலைவலிக் கணக்கு: மூன்று மாதம், 95 மாத்திரை

பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். தை பிறந்ததிலிருந்து பங்குனி முடிய மூன்று மாதம் தலைவலியோடு கிடந்தேன். அந்த வலியை விடாமல் பிடித்து வைத்திருந்தது, வலி போக நான் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையேதான் என்பது கடைசியில்தான் தெரிந்தது. இப்படி ஒன்று உண்டு என்று முன்னாலேயே ஒருவர் சொல்லியிருந்தால் பத்தாயிரம் ரூபாயும் ஒரு பருவமும் மிஞ்சியிருக்கும்.

எங்கள் குடும்ப டாக்டர் ராமநாதபுரத்தில் இருக்கிறார். சாயங்காலம் போனால் முப்பது நாற்பது பேர் காத்திருப்பார்கள். முறை வந்து உள்ளே உட்கார்ந்ததும் எனக்குப் பாதி மறந்துபோகும். 'தலை வலிக்குது' என்பதோடு வாய் நின்றுவிடும். அதனால் இந்த முறை கடிதமாக எழுதிக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். அதை அப்படியே இங்கே போடுகிறேன். பிறகு நடந்ததைக் கடிதத்துக்குக் கீழே எழுதியிருக்கிறேன்.

மதிப்புக்குரிய டாக்டர் ஐயாவுக்கு,

எனக்கு வயது 37. இருபது வயதிலிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு. மாதவிலக்குக்கு முதல் நாளோ அன்றைக்கோ இடது பொட்டில் விண் விண்ணென்று தெறிக்கும். வெளிச்சம் ஆகாது. கருவாட்டு வாடையும் ஆகாது, இந்தத் தொழிலில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். வாந்தி எடுத்து, ஒரு நாள் இருட்டில் கிடந்தால் மறுநாள் எழுந்துவிடுவேன். மாதத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு நாள். அதை நான் நோய்க் கணக்கில் வைத்ததே இல்லை.

தை முதல் வாரம் நெத்திலிப் பாடு நன்றாக இருந்தது. மூன்று மணிக்கே கரைக்குப் போய் எடுத்து, அலசி, உப்பில் போட்டு, விடிந்ததும் வலைமேல் பரப்பிவிட்டு நிமிரும்போது பதினொரு மணி ஆகிவிடும். அதுவரை வயிற்றில் டீ மட்டும்தான். அந்த வாரத்தில் மட்டும் மூன்று தடவை அதே பொட்டு வலி வந்தது. வேலையைப் போட்டுவிட்டுப் படுக்க முடியாமல் மெடிக்கலில் கேட்டேன். பாராசிட்டமால், புரோபிபெனசோன், காஃபீன் மூன்றும் கலந்த மாத்திரை கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் கேட்டது. அதிலிருந்து மடியில் அந்த அட்டை இல்லாமல் நான் கரைக்குப் போனதில்லை.

மாசி பிறந்தபோது வலி வேறு மாதிரி ஆகிவிட்டது. இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இது பொட்டில் தெறிக்கிற வலி இல்லை. தலையைச் சுற்றிப் பட்டைக் கயிறு போட்டு இறுக்கினாற்போல் இரண்டு பக்கமும் மந்தமாக இருக்கும். விடியற்காலை கண் விழிக்கும்போதே கூடவே விழித்திருக்கும். வாந்தி இல்லை. மாத்திரை போட்டால் நான்கைந்து மணி நேரம் விலகி நிற்கும், பிறகு திரும்ப வந்துவிடும். பழைய பொட்டு வலியும் இடையிடையே இதன்மேல் ஏறி வரும். ஆக எனக்கு இருப்பது ஒரு வலி இல்லை, இரண்டு வலி.

எண்ணிக்கை ஊகமாகச் சொல்லவில்லை. தினம் கொள்முதல், உப்பு, கூலி எழுதுகிற நோட்டில் மாத்திரைச் செலவையும் எழுதுவது என் வழக்கம். வேலைக்குப் போக முடியாத நாளையும், வலியோடு போன நாளையும் ஓரத்தில் குறித்திருக்கிறேன். அதிலிருந்து எடுத்தது இது. தையில் வலி 16 நாள், மாத்திரை போட்டது 12 நாள், மொத்தம் 15 மாத்திரை. மாசியில் வலி 20 நாள், மாத்திரை 17 நாள், 27 மாத்திரை. பங்குனியில் வலி 27 நாள், மாத்திரை 25 நாள், 53 மாத்திரை. காலி அட்டைகளை டீத்தூள் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் ஒன்பது முழு அட்டை, பாதி தீர்ந்தது ஒன்று. கணக்கு சரியாக வருகிறது.

செய்து பார்த்தவை: மாசி முதல் வாரம் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டேன், 1,800 ரூபாய். பவர் கால் அளவுதான், ஊசியில் நூல் கோக்கும்போது உதவுகிறது, தலைவலிக்கு ஒன்றும் இல்லை. மாசி கடைசியில் மூக்கடைப்பும் கண்ணில் நீரும் சேர்ந்து வரவே சைனஸ் என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். எக்ஸ்ரே, ஐந்து நாள் ஆன்டிபயாடிக், மூக்கில் அடிக்கும் மருந்து, 1,450 ரூபாய். மூன்று நாள் குறைந்ததுபோல் இருந்தது, பிறகு பழையபடிதான். பங்குனி நடுவில் பயந்துபோய் நானாகவே தலை ஸ்கேன் எடுத்தேன், 3,200 ரூபாய். ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறது, படத்தோடு இணைத்திருக்கிறேன். வீட்டில் சுக்குப் பற்று, நொச்சி ஆவி, தைலம் எல்லாம் ஆயிற்று. மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். பிரஷர் ஒரு நாள் 150/90 இருந்தது. அன்றைக்குத் தலை வெடிக்கிற வலி.

டீ ஒரு நாளைக்கு ஏழெட்டு. தூக்கம் ஐந்து மணி நேரம். வேறு மாத்திரை எதுவும் வழக்கமாகச் சாப்பிடுவதில்லை. கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, காய்ச்சல் எதுவும் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. இது என்ன? இந்த மாத்திரையை இன்னும் எத்தனை நாள் போடலாம்?

இப்படிக்குப் பணிவுடன்.

கடிதம் இவ்வளவுதான். டாக்டர் இரண்டு நிமிடத்தில் வாசித்தார். எண்ணிக்கை எழுதியிருந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டு, "இந்த மூணு வரி போதும்மா. ஸ்கேனை விட இதுதான் சொல்லுது" என்றார். கண்ணுக்குள் டார்ச்சு மாதிரி ஒரு கருவியை வைத்துப் பின்புறம் பார்த்தார், கழுத்தை மடக்கிப் பார்த்தார், கை கால் பலம் பார்த்தார், கோட்டில் நடக்கச் சொன்னார். பிரஷர் 126/80. வலி உச்சத்தில் இருக்கும்போது பிரஷர் ஏறித்தான் இருக்கும், அந்த ஒரு எண்ணை வைத்து பிரஷர் நோய் என்று முடிவு கட்டக் கூடாது என்றார்.

அவர் சொன்னது இது. பொட்டு வலி மைக்ரேன், அது என் பழைய சொத்து. பட்டைக் கயிறு போட்ட மாதிரி வந்தது மாத்திரையால் வந்த தலைவலி. ஏற்கெனவே தலைவலி உள்ளவர்கள் வலி மாத்திரையை அடிக்கடி போடும்போது, மூளையில் வலியை உணரும் பாதை மட்டுப்படுவதற்குப் பதிலாக இன்னும் கூர்மையாகிவிடுகிறதாம். மாத்திரையின் வேலை தீர்ந்ததும் வலி எழும்பும், அதற்கு அடுத்த மாத்திரை, அது தீர்ந்ததும் மறுபடி. விடியற்காலையில் வந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்றார், இரவு முழுக்க மாத்திரை இல்லாமல் இருக்கிற நேரம் அது. முதுகு வலிக்கோ மூட்டு வலிக்கோ தினம் வலி மாத்திரை போடுகிறவர்களுக்கு, முன்பு தலைவலியே இல்லாதிருந்தால், பெரும்பாலும் இது வருவதில்லை. மைக்ரேன் உள்ளவர்கள்தான் மாட்டிக்கொள்கிறோம்.

இதில் நான் தவறாக நினைத்திருந்த ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரைக்கு மேல் போடுவது அபூர்வம், அளவோடுதான் இருக்கிறேன் என்று தைரியமாக இருந்தேன். ஆனால் இந்தத் தலைவலிக்கு எத்தனை மாத்திரை என்பதைவிட மாதத்தில் எத்தனை நாள் என்பதுதான் கணக்கு. காஃபீன் கலந்த கூட்டு மாத்திரையாக இருந்தால் மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, வெறும் பாராசிட்டமாலோ ஐபுபுரோஃபெனோ ஆனால் 15 நாளோ அதற்கு மேலோ, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் ஆபத்து வட்டத்துக்குள் வந்துவிட்டோம் என்று அர்த்தம். நான் தையிலேயே 12 நாள். ஒரே நாளில் மூன்று மாத்திரை போட்டுவிட்டு ஒரு வாரம் சும்மா இருப்பவரைவிட, தினம் ஒன்று போடுகிறவர்தான் இதில் சிக்குவார். அதனால் அட்டைக்குப் பின்னால் பேனாவால் தேதி எழுதிக்கொள்ளுங்கள். மெடிக்கல் கடைக்காரருக்கு நீங்கள் இந்த மாதம் எத்தனையாவது நாளாக வாங்குகிறீர்கள் என்பது தெரியாது, அவர் கேட்கவும் மாட்டார்.

செய்து பார்த்த வைத்தியங்கள் ஏன் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. கண் சோர்வால் வருகிற வலி, கண்ணுக்கு வேலை கொடுத்த பிறகு, பெரும்பாலும் மாலையில் வரும். தூங்கி எழும்போதே இருக்காது. அந்த ஒரு கேள்வியை யோசித்திருந்தால் கண்ணாடிக் காசு மிச்சம். சைனஸ் விஷயம் இன்னும் சுவாரசியம். மைக்ரேன் வரும்போதே மூக்கு அடைப்பதும் கண்ணில் நீர் வடிவதும் சகஜமாம், அதனால் எத்தனையோ பேர் மைக்ரேனை சைனஸ் என்று நினைத்து வருடக்கணக்கில் ஆவி பிடிக்கிறார்கள். உண்மையான சைனஸ் தொற்று என்றால் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாகச் சளி வரும், மணம் தெரியாது, பல சமயம் காய்ச்சலும் இருக்கும். எனக்கு வந்தது தண்ணீர். நெத்திலி வாடை நூறு அடி தள்ளியே தெரிந்தது. எக்ஸ்ரேயில் லேசான நிழல் இருக்கிறது என்றார்கள்; சாதாரண ஜலதோஷத்துக்கும் அப்படி நிழல் தெரியுமாம்.

ஸ்கேனைப் பற்றி டாக்டர் திட்டவில்லை, ஆனால் யாருக்கு உடனே தேவை என்று சொன்னார். இதை அவசியம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் கை கால் விழுவது, பேச்சுக் குழறல், வலிப்பு, பார்வை மங்கல், தலையில் அடிபட்ட பிறகு வருகிற வலி, இருமினாலோ குனிந்தாலோ படுத்தாலோ ஏறுகிற வலி, ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக வருகிற வலி, கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாக வருகிற வலி. இதில் முதல் ஐந்தாறுக்கு டாக்டரின் முறைக்குக் காத்திருக்கக் கூடாது, 108க்குப் போன் செய்து நேரே பெரிய ஆஸ்பத்திரிதான். என் கடிதத்தின் கடைசிப் பத்தியில் 'இல்லை' என்று எழுதியவை அவருக்கு உதவியது இதனால்தான். இருப்பதைச் சொல்வதுபோலவே இல்லாததையும் எழுதிக் கொடுங்கள்.

மருந்து எளிமையானது, செய்வதுதான் கஷ்டம்: அந்தக் கூட்டு மாத்திரையை ஒரே நாளில் அடியோடு நிறுத்த வேண்டும். என் மாத்திரையை அப்படி நிறுத்தலாம். ஆனால் தூக்க மாத்திரையோ, டிரமடால், கோடீன் போன்ற வலி மருந்தோ தினம் சாப்பிடுகிறவர்கள் தாமாக இப்படி நிறுத்தக் கூடாது, டாக்டர் பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று எச்சரித்தார். "நிறுத்தின முதல் வாரம் வலி இன்னும் ஏறும். ரெண்டு நாள்லேர்ந்து பத்து நாள் வரைக்கும் இருக்கலாம். வேலை இல்லாத நாளாப் பாத்து ஆரம்பிங்க" என்றார். எங்களுக்கு அதற்கென்றே ஒரு நாள் இருக்கிறது. ஏப்ரல் 15ஆம் தேதி தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வள்ளங்காரர்கள் கொண்டுவருவதை வைத்துத்தான் பிழைப்பு, வரத்து பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சித்திரை இரண்டாம் தேதி காலை மாத்திரையை நிறுத்தினேன்.

முதல் நாள் மத்தியானம் வரை ஒன்றும் தெரியவில்லை. இரவு தொடங்கியது. இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்களை நான் மறக்க மாட்டேன். படுத்தாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி, கஞ்சித் தண்ணீர்கூடத் தங்கவில்லை. வாந்திக்கு டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையை மட்டும் போட்டேன். எரிச்சலில் மகள்மேல் கத்தினேன், அழுதேன். மூன்றாம் நாள் நடுராத்திரி, மீதி ஐந்து மாத்திரை இருந்த அட்டையைத் தேடி டீத்தூள் டப்பாவைத் திறந்தேன். காலி. வீட்டுக்காரர் முன்கூட்டியே எடுத்துக் கடலில் போட்டுவிட்டார். (கடலில் போட்டிருக்கக் கூடாது, அது வேறு சண்டை.) நிறுத்தப் போகிறவர்கள் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவைத்து, இருப்பதை முதல் நாளே அகற்றச் சொல்லுங்கள். அந்த ராத்திரி கையில் அகப்பட்டிருந்தால் நான் போட்டிருப்பேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் இரண்டு மணி நேரம் வலி இல்லாமல் இருந்தது. ஒன்பதாம் நாள் காலையில் கண் விழித்துக் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தேன், பட்டைக் கயிறு இல்லை.

நான் செய்த ஒரு தவறு, டீயையும் அதே நாளில் சுத்தமாக விட்டது. மாத்திரையிலும் காஃபீன், டீயிலும் காஃபீன். இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் காஃபீன் இல்லாமல் போவதால் வருகிற தலைவலி தனியாக வந்து சேர்ந்துகொள்ளும். அது பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஆரம்பித்து இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகிற வலி. மூன்றாம் நாள் போன் செய்தபோது டாக்டர் இதைத்தான் முதலில் கேட்டார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று குடிக்கச் சொன்னார். முன்னாலேயே இரண்டு வாரம் எடுத்து எட்டிலிருந்து இரண்டுக்கு இறக்கியிருந்தால் அந்த மூன்று நாள் இவ்வளவு மோசமாக இருந்திருக்காது. நோன்பு தொடங்கும்போது முதல் இரண்டு மூன்று நாள் தலைவலி என்று சொல்கிற கீழக்கரைத் தோழிக்கும் இதையே சொல்லியிருக்கிறேன்.

மைக்ரேன் அடிக்கடி வராமல் தடுக்க ப்ரொப்ரனலால் 20 மில்லிகிராம் காலை ஒன்று இரவு ஒன்று எழுதினார். அதற்கு முன் ஆஸ்துமா, இளைப்பு உண்டா என்று இரண்டு தடவை கேட்டார், இருந்தால் இந்த மருந்து கூடாது. என் சீட்டைப் பார்த்து யாரும் வாங்கிவிடாதீர்கள். இது வலி வந்தால் போடுகிற மாத்திரை இல்லை, வலி இல்லாத நாளிலும் தினம் போட வேண்டும். பலன் தெரிய ஆறேழு வாரம் ஆனது. முதல் மூன்று வாரத்தில் 'இதுவும் கேட்கலையே' என்று விட்டுவிடப் பார்த்தேன். திடீரென்று நிறுத்தவும் கூடாத மருந்து. பொட்டு வலி நிஜமாகவே வந்தால் போட ஒரே மருந்து உள்ள வலி மாத்திரை தனியாகக் கொடுத்தார். வலி தொடங்கியவுடன் போட வேண்டும், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தொடக் கூடாது. இரண்டாவது நாளும் போட்டுவிட்டால் அந்த வாரம் முடிகிற வரை அட்டை வீட்டுக்காரர் சட்டைப்பையில் இருக்கும்.

பணக் கணக்கு: கண்ணாடி, சைனஸ், ஸ்கேன் மூன்றும் 6,450. பங்குனியில் ஒரு நாள் வலியில் சுருண்டு படுத்துவிட்டதால், பரப்பிய நெத்திலியைச் சாயங்காலம் அள்ளி மூடவில்லை. இரவுப் பனியில் நனைந்து இரண்டு நாளில் பூசணம் பிடித்துவிட்டது. கோழித் தீவனத்துக்குத்தான் போனது, அதில் சுமார் 4,000 நஷ்டம்.

சித்திரையில் வலி 14 நாள், வைகாசியில் 8, ஆனியில் 4. ஆனியில் மாத்திரை போட்டது மூன்று நாள். ஜூன் 15க்குப் பிறகு படகுகள் போக ஆரம்பித்து, மறுபடி மூன்று மணிக் கரைதான். இப்போது போகும்போதே தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோகிறேன், ஆறு மணிக்குக் குடித்துவிடுகிறேன். வெள்ளை மணலில் காலை வெயில் பட்டுத் தெறிக்கிற கூச்சம் எனக்கு ஆகாது என்பதும் நோட்டைப் புரட்டியபோது தெரிந்தது. பரப்புகிற வேலையை விடிந்த கையோடு முடித்துக்கொண்டு, திருப்பிவிடுவதற்குப் பனை ஓலைத் தொப்பி போட்டுக்கொண்டு போகிறேன். மாதவிலக்கை ஒட்டி வருகிற வலி மட்டும் போகவில்லை, போகும் என்று டாக்டரும் சொல்லவில்லை. ப்ரொப்ரனலாலை ஆறு மாதம் ஆனதும் எப்படிக் குறைப்பது என்று ஐப்பசியில் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார், நோட்டோடு.